பல்லின் அச்சு பிசகுவது ஏன்?

வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் குமுளிக்கு வந்து பல்லுக்கு அளவு கொடுத்தார். வேர்ச் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வேண்டும். நூலில் ‘கிரவுன்’ என்று படிக்கிறோமே, மக்கள் வாயில் ‘கேப்’ என்று வழங்குகிறதே, அந்த உறைதான். பத்து நாள் கழித்து உறை வந்தது. நான் அதைப் பல்லின்மேல் வைத்தேன். அது முழுவதும் இறங்கவில்லை. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது.

“என்ன தம்பி, சேரலையா?” என்றார் அவர்.

“இன்னொரு தடவை அளவு எடுக்கணும், அம்மா” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப இன்னும் ரெண்டு நாள் கூலி போச்சு” என்று மட்டும் சொன்னார். அளவு கொடுக்க ஒரு நாள், உறை பொருத்த ஒரு நாள். கணக்கு அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. பிழை எங்கே என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்த வகையை, பல் மருத்துவம் பயிலும் இளைய நண்பர்களுக்கு இங்கே எழுதுகிறேன். பிற துறை நண்பர்களும் விளங்கிக்கொள்ளும்படி அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

புட்டியும் வாஷும்

உறை வாய்க்குள் செய்யப்படுவதன்று. பல்லைச் சுற்றிலும் செதுக்கி, அதன் அச்சை எடுத்து, அந்த அச்சுக் குழியில் டை ஸ்டோன் என்னும் கெட்டிச் சாந்தை ஊற்றுகிறோம். அது இறுகினால் பல்லின் படி கிடைக்கும். அதற்கு ‘டை’ என்று பெயர். லேபில் இருக்கும் தொழில்நுட்பர் பல்லைக் காண்பதில்லை. டையைத்தான் காண்கிறார், அதற்குத்தான் உறை செய்கிறார். ஆகவே அச்சு பொய் சொன்னால் டையும் பொய் சொல்லும். உறை அந்தப் பொய்க்குப் பொருத்தமாகவே அமையும்.

ரப்பரைப் போல வளைந்து பழைய வடிவுக்கு மீளும் அச்சுப் பொருள்களுக்கு எலாஸ்டோமர்கள் என்று பெயர். 1950களில் பாலிசல்பைடு பல் மருத்துவத்தில் புழக்கத்துக்கு வந்தது. பின்னர் கண்டென்சேஷன் சிலிக்கோனும், 1960களில் பாலிஈதரும், 1970களின் நடுவில் அடிஷன் சிலிக்கோனும் வந்தன. இன்று உறை வேலைக்குப் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது அடிஷன் சிலிக்கோன். நான் கூறப்போவதும் அதைப் பற்றியதே.

இப்பொருள் பலவகைக் கெட்டித்தன்மையில் கிடைக்கிறது. பரோட்டா மாவைப் போலப் பிசையத்தக்கது புட்டி. தேனைப் போல் ஓடுவது வாஷ். புட்டிக்குள் நிரப்புத்தூள் மிகுதி; அதனால் அது இறுகும்போது குறைவாகவே சுருங்கும், ஆனால் நுண்ணிய கோடுகளைப் பதியாது. வாஷ் நுண்மையைப் பதியும், ஆனால் தனியே நின்றால் உருத் தாங்காது. அனைத்துலகத் தர அளவின்படி வாஷ் 20 மைக்ரான் அகலக் கோட்டைப் பதிய வேண்டும். புட்டிக்கு 75 மைக்ரான் கோடு போதும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். எனவே உடலுக்குப் புட்டி, முகத்துக்கு வாஷ் என இரண்டையும் கூட்டி வேலை வாங்குகிறோம்.

கூட்டும் வழி இரண்டு. புட்டியும் வாஷும் ஒரே வேளையில் இளக்கமாக இருக்க, ஒரேயடியாய் வாயில் வைத்து எடுப்பது ஒரு கட்ட முறை. முதலில் புட்டியால் அச்செடுத்து, அது இறுகிய பின் அதற்குள் வாஷை இட்டு மீண்டும் வாயில் வைப்பது இரு கட்ட முறை. குமுளியில் நான் கையாண்டது இரண்டாவது முறை.

டை பொய் சொல்வதை அறிந்தது

உறை இறங்காதபோது முதலில் ஐயப்பட வேண்டியது பக்கத்துப் பல்லின் உரசலை. மெல்லிய தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்த்தேன். தாள் தாராளமாய் வந்தது. அடுத்து உறையின் உட்புறத்தில் கொஞ்சம் வாஷைத் தடவிப் பல்லின்மேல் அழுத்தி, இறுகிய பின் எடுத்துப் பார்த்தேன். வாஷ் எங்கே கிழிந்து உலோகம் தெரிகிறதோ அங்கே உறை பல்லை முட்டுகிறது என்று பொருள். ஒரே புள்ளியில் கிழிந்திருந்தால், உறையின் உள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது என்று கொண்டு அதைத் தேய்த்துவிடலாம். இங்கோ நாற்புறச் சுவர்களிலும் வளையமாய்க் கிழிந்திருந்தது. உறை சுற்றிலும் இறுக்கம்.

பிறகு அந்த உறையை டையின்மேல் வைத்தேன். கையுறையில் விரல் நுழைவது போல் இறங்கி, விளிம்பில் அழகாக அமர்ந்தது. இந்த ஒரு சோதனை வழக்கையே முடித்துவிடுகிறது. உறை டையில் அமர்ந்து பல்லில் அமரவில்லையென்றால், லேபில் குற்றமில்லை. டைதான் பல்லைவிட மெலிந்திருக்கிறது. டை மெலிந்தால் அச்சுக் குழி மெலிந்திருக்க வேண்டும். அச்சை எடுத்தவன் நான்.

நல்லவேளையாக அந்த அச்சை லேப் திருப்பி அனுப்பியிருந்தது. கூரிய கத்தியால் அதைக் குறுக்கே வெட்டினேன். புட்டி ஒரு நிறம், வாஷ் வேறு நிறம். ஆகையால் வெட்டு முகத்தில் இரண்டும் தெளிவாய்த் தெரிந்தன. பல்லின் மேற்பரப்பு பதிந்த இடத்தில் வாஷ் நல்ல கனமாய் இருந்தது. பக்கச் சுவர்களிலோ காகிதம் போல் மெலிந்து, சில இடங்களில் புட்டியின் நிறமே வெளியே தெரிந்தது. அதைக் கண்டதும் என் பிழை விளங்கிவிட்டது.

அழுத்திய புட்டி மீள்கிறது

அன்று நான் செய்தது இது. பல்லைச் செதுக்கிய பிறகு புட்டி அச்செடுத்தேன். வாஷுக்கு இடம் வேண்டுமென்று, புட்டி இறுகும்போது ட்ரேயைச் சற்றே அசைத்துவிட்டால் போதும் என எண்ணினேன். பின் குழி நிறைய வாஷை ஊற்றி, முழுப் பலத்தோடு அழுத்தினேன்.

வாஷ் ஒரு திரவம். பல் குழிக்குள் இறங்கும்போது அது வெளியேற வழி வேண்டும். வழியில்லையானால் உள்ளே அழுத்தம் ஏறும். இறுகிய புட்டி கல்லன்று; அழுத்தத்தால் அதன் சுவர்கள் வெளிப்பக்கம் விரிந்து கொடுக்கின்றன. அந்த விரிந்த நிலையிலேயே வாஷ் இறுகுகிறது. ட்ரேயை வாயிலிருந்து எடுத்ததும் அழுத்தம் நீங்குகிறது. சுவர்கள் பழைய இடத்துக்கு மீள்கின்றன. அவற்றோடு ஒட்டிய வாஷும் உள்நோக்கி வருகிறது. குழி சிறுக்கிறது. கண்ணுக்கு அச்சு பளபளவென்று, விளிம்புக் கோடு தெளிவாக, குறையே இல்லாததாகத் தோன்றும். இந்தப் பிசகின் கொடுமை அதுதான்: நுண்மை கெடுவதில்லை, அளவு மட்டும் கெடுகிறது.

எவ்வளவு கெட்டது என்பதைப் பின்னர் அளந்து பார்த்தேன். இரண்டாம் முறை சரியாக எடுத்த அச்சிலிருந்து கிடைத்த டையில், விளிம்புக்குச் சற்று மேலே கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை 9.20 மி.மீ. இருந்தது. முதல் டையில் அதே இடத்தில் 9.04 மி.மீ. குறைவு 0.16 மி.மீ.; அதாவது பக்கத்துக்கு 0.08 மி.மீ.

லேபில் உறை செய்யுமுன் டையின்மேல் ஸ்பேசர் என்னும் பூச்சைப் பூசுவார்கள், சிமெண்டுக்கு இடம் கிடைப்பதற்காக. அது பக்கத்துக்கு 0.03 மி.மீ. என்று கொள்வோம். அந்த அளவுக்குப் பிழை மறைந்தாலும், பக்கத்துக்கு 0.05 மி.மீ. இறுக்கம் மிஞ்சுகிறது. தலைமயிரின் பருமனைவிட மெல்லியது. இதனால் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் செதுக்கிய பல்லின் சுவர் செங்குத்தன்று. மேல்நோக்கிக் குறுகும். அது பக்கத்துக்கு ஏறத்தாழ 6 பாகை சாய்ந்திருந்தால், 10 பங்கு உயரத்துக்கு 1 பங்கு உள்வாங்குகிறது. ஆகவே பக்கவாட்டில் 0.05 மி.மீ. இறுக்கம் இருந்தால் உறை அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 0.5 மி.மீ., உயரத்திலேயே நின்றுவிடும். அந்த அம்மையாரின் வாயில் நான் கண்ட அரை மில்லிமீட்டர் இதுவே. பல்லை எவ்வளவு செங்குத்தாகச் செதுக்குகிறோமோ அவ்வளவு இந்தப் பெருக்கம் கூடும்.

இவ்வாறு உயர்ந்து நின்ற உறையைச் சிமெண்டு வைத்து அடித்து இறக்கிவிடலாமே என்று கேட்கலாம். விளிம்பில் இடைவெளி 0.12 மி.மீ. வரை ஏற்கத்தக்கது என 1971-இல் மக்லீன், வான் ஃப்ரௌன்ஹோஃபர் என்னும் இருவர் எழுதியதை இன்றும் பலர் அளவுகோலாய்க் கொள்கின்றனர். அரை மில்லிமீட்டர் அதற்கு நான்கு மடங்கு. அந்த இடைவெளியில் சிமெண்டு கரையும், பல் அரிக்கும், கடிக்கும்போது முதலில் இந்த உறையே இடிபடும்.

இரண்டாம் முறை செய்தது

தீர்வு எளிது: வாஷுக்கு இடம் கொடு; வெளியேற வழி கொடு; அழுத்தாதே.

இடம் கொடுக்கும் மிகச் சிறந்த வழி, பல்லைச் செதுக்குவதற்கு முன்பே புட்டி அச்சை எடுத்துவிடுவது. பின்னர் எவ்வளவு செதுக்குகிறோமோ அவ்வளவும் வாஷுக்கு இடமாகிவிடும். எனக்கோ பல் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருந்தது. ஆகவே அவருக்கு முதல் நாளிலிருந்தே போட்டிருந்த தற்காலிக உறையைக் கழற்றாமல் அதன்மேலேயே புட்டி அச்செடுத்தேன். அதற்குமேல் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றையும் புட்டியின்மேல் விரித்துக்கொண்டேன். சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இடம் கிடைத்தால் நலம். மிக மெலிந்தால் அழுத்தம். மிகக் கனத்தால் வாஷின் சுருக்கம் கூடும்.

புட்டி இறுகியதும் எடுத்து, பல்லிடுக்குகளில் புகுந்து நின்ற சிறகுகளைக் கத்தியால் வெட்டினேன். இவற்றை விட்டுவைத்தால் இரண்டாம் முறை வைக்கும்போது அவை இடுக்கில் முட்டி மடங்கும், ட்ரே அமராது. பின் பல்லின் குழியிலிருந்து கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் வெளிவிளிம்பு வரை சிறு வாய்க்கால்கள் வெட்டினேன். வாஷ் வெளியேறும் வழி இவை. வாஷ் இல்லாமல் ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்து, தடையின்றி அமர்கிறதா என உறுதி செய்துகொண்டேன்.

தற்காலிக உறையைக் கழற்றி, ஈறை விலக்க வைத்திருந்த நூலை எடுத்து, உலர்த்தி, வாஷை ஊசிக்குழலால் விளிம்பைச் சுற்றி விட்டேன். குழல் முனையை வாஷுக்குள்ளேயே அமிழ்த்தி நகர்த்த வேண்டும். தூக்கித் தூக்கி விட்டால் காற்றுக் குமிழ் புகும். மீதியை ட்ரேயில் இட்டு, மெல்ல இறக்கினேன். வாய்க்கால்களின் வழியே வாஷ் வெளிப்படுவது தெரிந்தது. ட்ரே தன் இருப்பிடத்தை அடைந்ததும் அழுத்துவதை நிறுத்திவிட்டேன். அதன்பின் விரல்கள் செய்ய வேண்டியது ஒன்றே: அசையாமல் தாங்குவது. பலர் இறுகும் வரை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அழுத்தமெல்லாம் அச்சுக்குள் சேமிக்கப்பட்டு, எடுத்ததும் மீள்கிறது.

ட்ரேயையும் மாற்றினேன். முன்னர் எடுத்தது வளையும் பிளாஸ்டிக் ட்ரே. கெட்டியான புட்டியை அதில் அழுத்தினால் ட்ரேயின் சுவர்களே விரிந்து பின்னர் மீளும். அதுவும் டையை மெலியச் செய்யும். வளையாத உலோக ட்ரேயில், ஒட்டுப்பசை தடவி உலரவிட்டுப் புட்டியை இட்டேன். அச்சு ட்ரேயிலிருந்து ஓரிடத்தில் பெயர்ந்திருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டியதுதான். திரும்ப அழுத்தி ஒட்டவைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

பாலக்காட்டு வெயிலும் இடுக்கிக் குளிரும்

இந்த மீள்தல் ஊருக்கு ஊர் வேறு வேடம் பூணுகிறது. குமுளிக்கு வருமுன் நான் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறு மருத்துவகத்தில் பழகினேன். அங்கே பெரும்பாலும் ஒரு கட்ட முறை. அம்முறையில் புட்டிச் சுவர் முன்னதாக இறுகி நிற்பதில்லை; ஆகவே மேற்சொன்ன மீள்தல் நேராது என்று நூல் சொல்கிறது. ஆயினும் சித்திரை மாத நண்பகலில் அங்கும் உறைகள் இறுகின.

காரணம் வெப்பம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேலை நேரம் பொதுவாக 23 பாகை அறைக்குச் சொல்லப்பட்டது. பாலக்காட்டுச் சமவெளியில் கோடையில் வெப்பம் 38 பாகையைத் தொடுவது அரிதன்று. அங்கே அந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். உதவியாளர் புட்டியைப் பிசைந்து முடிக்கவும், நான் வாஷை விட்டு முடிக்கவும், ட்ரே வாயை அடையுமுன் புட்டிக்குள் மீள்தன்மை பிறந்துவிட்டது. பார்வைக்கு இளக்கம், உள்ளே பாதி ரப்பர். பாதி ரப்பரை அழுத்தினால் அது பின்னர் மீளாமல் என்ன செய்யும்? இதை அறியும் அடையாளம் உண்டு: அச்சின் பரப்பில் இழுபட்ட மடிப்புகளும், புட்டியும் வாஷும் கலவாமல் நிற்கும் வரம்பும் தெரியும். புட்டியையும் வாஷையும் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து எடுத்தும், வாஷை விடத் தொடங்கும் அதே கணத்தில் புட்டியைப் பிசையச் சொல்லியும் இதைச் சரிசெய்தோம்.

ஒரு கட்ட முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. கெட்டியான புட்டி, இளகிய வாஷை விளிம்பிலிருந்து தள்ளிவிடும். விளிம்புக் கோட்டைப் புட்டியே பதிந்துவிட்டால் நுண்மை போயிற்று. அச்சை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பு முழுவதும் வாஷின் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இடுக்கி மலையில் நிலைமை நேர்மாறு. மார்கழிக் காலையில் குளிர்ந்த அறையில் இருந்த புட்டி இறுக நேரம் எடுக்கும். கடிகாரத்தை மட்டும் நம்பி எடுத்தால், இன்னும் முழுதும் இறுகாத பொருளைப் பல்லின் வளைவுகளினூடே இழுக்கிறோம். அது முற்றிலும் மீளாது; இழுபட்ட வடிவிலேயே ஒரு பங்கு நின்றுவிடும். அங்கே பொருளை முன்னதாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேசையில் மிஞ்சிய துண்டை நகத்தால் குத்திப் பார்ப்பதைவிட, வாயிலுள்ள ட்ரேயின் ஓரத்தில் மொட்டைக் கருவியால் குத்திப் பார்ப்பது மேல். தடம் விழாமல் துள்ளி மீண்டால் இறுகிவிட்டது. அதன்பின் பல்லின் நீளப் போக்கில் ஒரே இழுப்பாக எடுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி எடுப்பது கூடாது.

கையுறை செய்த குற்றம்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு நாள் வாஷ் எவ்வளவு நேரமாகியும் பிசுபிசுப்பாகவே இருந்தது. பெட்டி பழசு என்று எண்ணினோம். குற்றம் கையுறையில் இருந்தது. அடிஷன் சிலிக்கோன் இறுகுவதற்குப் பிளாட்டினச் சேர்மம் ஒன்று ஊக்கியாய் உள்ளது. லேடெக்ஸ் கையுறையில் தங்கியிருக்கும் கந்தகச் சேர்மங்கள் அந்த ஊக்கியை முடக்கிவிடும். புட்டியை அந்தக் கையுறையோடு பிசைந்தாலும், செதுக்கிய பல்லை அந்த விரலால் தொட்டாலும், தொட்ட இடத்தில் பொருள் இறுகாது. டையின் அந்தப் பரப்பு சொரசொரப்பாய் வரும். புட்டியை வினைல் கையுறையோடு பிசைவதே இதற்கு மருந்து. கையுறையைக் கழற்றிவிட்டுப் பிசைவதானாலும் முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; லேடெக்ஸின் எச்சம் தோலிலும் தங்கும்.

பேருந்தில் செல்லும் அச்சு

குமுளியிலிருந்து எங்கள் அச்சுகள் மலையிறங்கித் தேனிக்குப் பேருந்தில் செல்வதுண்டு. சாந்து ஊற்ற ஒரு நாள் ஆகிவிடும். அடிஷன் சிலிக்கோன் இதைத் தாங்கும்; ஒரு நாளில் அதன் சுருக்கம் ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். விலை குறைவென்று கண்டென்சேஷன் சிலிக்கோனை எடுத்தால் கதை வேறு. அது இறுகும்போது சாராயம் வெளிப்பட்டு ஆவியாகும். ஒரு நாளில் அரை விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். 10 மி.மீ. பல்லில் அது 0.05 மி.மீ. அப்பொருளில் அச்செடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நாமே சாந்து ஊற்றி, டையைத்தான் அனுப்ப வேண்டும், அச்சை அன்று.

அம்மையாரின் இரண்டாம் அச்சு தேனிக்குப் போன மறுநாள் தொழில்நுட்பர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, போன டைக்கும் இந்த டைக்கும் வித்தியாசம் இருக்கே. எதை நம்ப?” என்றார். “இதை நம்புங்க, அண்ணே. பழசையும் எறிஞ்சிராதீங்க, அளந்து பார்க்கணும்” என்றேன். மேலே நான் கொடுத்த இரண்டு அளவுகளும் அவ்வாறு கிடைத்தவையே.

உறை வந்தது. இம்முறை விரலால் வைத்ததும் இறங்கியது. ஊசிமுனையை விளிம்பில் ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. உள்ளே வாஷ் தடவிப் பார்த்தபோது சுற்றிலும் ஒரே சீரான மெல்லிய படலம். அம்மையார் இரண்டு முறை கடித்துப் பார்த்துவிட்டு, “இப்பச் சரி, தம்பி” என்று கூறி, மாலைப் பேருந்துக்கு நேரமாகிறதென்று எழுந்தார்.

நறுக்கிய அந்த முதல் அச்சு இன்றும் என் மேசையில் இருக்கிறது. புதிதாய்ப் பழக வருவோரிடம் அதைக் கொடுத்து, பக்கச் சுவரில் வாஷ் எங்கே மெலிந்து புட்டி தெரிகிறது என்று காட்டச் சொல்வேன். நீங்களும் உங்கள் அடுத்த அச்சை லேபுக்கு அனுப்புமுன் அந்த ஓர் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புட்டியின் நிறம் தெரிந்தால், நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே மறுபடி எடுத்துவிடுங்கள்.